சில தெருக்கள் தொலைவில் இருந்த பள்ளிவாசல்

சிந்தனைக் குறிப்பேடு: இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு
பாடம்: இந்தியச் சமயங்களும் பண்பாடும்
சென்ற இடம்: வாலாஜா பள்ளிவாசல், திருவல்லிக்கேணி, சென்னை
சென்ற நாள்: 8 பிப்ரவரி 2025, சனிக்கிழமை, பிற்பகல் அஸர் தொழுகை நேரம்
எழுதிய நாள்: 9 பிப்ரவரி 2025, ஞாயிறு

வினா 1: செல்வதற்கு முன் இந்த இடத்தைப் பற்றி உங்கள் மனத்தில் என்ன இருந்தது? அது எங்கிருந்து வந்தது?

நான் பெரியகுளத்திலிருந்து படிக்க வந்து, இரண்டு ஆண்டுகளாகத் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாம் மாடி அறையில் தங்கியிருக்கிறேன். அதிகாலைப் பாங்கு கேட்டால் இன்னும் உறங்கலாம் என்றும், மாலைப் பாங்கு கேட்டால் மெஸ்ஸுக்குப் போக நேரமாகிறது என்றும் கணக்கு வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை என் காதில் விழுந்த அழைப்பை மணி பார்க்கப் பயன்படுத்திக்கொண்டேனே தவிர, அதில் என்ன சொல்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. பெரிய பள்ளிவாசல் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கட்டடத்தின் வாசலைக் கடந்து எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். உள்ளே போகக் கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் கூடாது என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தும் எனக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் பெருநாள் அன்று பிரியாணி வீடு தேடி வரும், நாங்களும் தீபாவளிப் பலகாரம் கொடுத்து அனுப்புவோம். பாத்திரங்கள் மட்டும் வாசல்படி தாண்டிப் போய் வந்தன என்பது இப்போதுதான் உறைக்கிறது.

வினா 2: உள்ளே நுழைந்தபோது கண்டதையும் கேட்டதையும் விளக்குக. கருத்துக் கூறாமல் முதலில் விவரிக்க முயல்க.

வகுப்புத் தோழன் ஒருவன் முன்கூட்டியே பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு என்னை அழைத்துச் சென்றான். வெளியே நெருக்கமான சாலை; உள்ளே விரிந்த வளாகம். கட்டடம் முழுவதும் சாம்பல் நிறக் கருங்கல். மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டப்பட்டது என்று சொல்லப்படும் இந்தப் பள்ளிவாசலை 1795ஆம் ஆண்டு ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் எழுப்பினர். முகப்பின் இரு புறமும் மினாராக்கள் உயர்ந்து நிற்கின்றன. வளாகத்திலேயே அரசியல் நிர்ணய சபை உறுப்பினராக இருந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அடக்கமாகியுள்ளார். 1972இல் மறைந்த அவருடைய பெயரைப் பாடநூலில் படித்திருந்த நான், அந்த அடக்கத்தலத்துக்குச் சில தெருக்கள் தள்ளித்தான் இத்தனை நாள் குடியிருந்தேன்.

தோழன் தொழுகைக்கு முன் உடல் உறுப்புகளைக் கழுவும் ஒளு செய்தான். முதலில் கைகள், பிறகு வாய், மூக்கு, முகம், முழங்கை வரை கரங்கள். ஈரக் கையால் தலையைத் தடவி, இறுதியாகக் கணுக்கால் வரை கால்களைக் கழுவினான். ஒவ்வொன்றையும் அவசரமின்றி, வலப்புறத்தை முதலில் கழுவி முடித்தான். பாங்கு சொன்னார்கள். ஒலிபெருக்கி வழியாக என் அறைக்கு வரும்போது ஒரே நீண்ட குரலாகக் கேட்டது, இங்கே தனித்தனி வாக்கியங்களாகப் பிரிந்தது. 'தொழுகைக்கு வாருங்கள்', 'வெற்றிக்கு வாருங்கள்' என்று தோழன் மெதுவாகப் பொருள் சொன்னான்.

தொழுகை தொடங்கியதும் நான் பின்புறம் ஓரமாக அமர்ந்தேன். தோளோடு தோள் உரச வரிசைகள் அமைந்தன. கோட் சட்டை அணிந்த வழக்கறிஞர் ஒருவரும், கையில் கிரீஸ் கறை மாறாத இளைஞர் ஒருவரும் அருகருகே நின்றார்கள். வந்த வரிசையில் நின்றார்களே ஒழிய இடம் பார்த்து நிற்கவில்லை. உரத்த ஓதலை எதிர்பார்த்திருந்த எனக்கு அஸர் தொழுகையில் இமாம் ஓசையின்றி ஓதுவார் என்பது தெரியாது. குனிவதற்கும் நிமிர்வதற்கும் நெற்றியைத் தரையில் வைப்பதற்கும் இமாம் உரக்கச் சொல்லும் சிறு தொடர்கள் மட்டும் கேட்டன; இடையில் உடைகளின் சரசரப்பும் சாலையின் ஹாரன் ஒலியும் தவிர வேறொன்றும் இல்லை. நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைக்கும் சுற்றான ரக்அத் நான்கும் அப்படியே நிறைவுற்றன.

வினா 3: எந்தக் கணத்தில் சங்கடமாக உணர்ந்தீர்கள்? அப்போது அதை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்? இப்போது எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?

இந்த வினாவுக்காகவே இந்தக் குறிப்பை எழுதுகிறேன் என்று சொல்லலாம்.

கூட்டுத் தொழுகை தொடங்குவதற்கு முன்பு, சிலர் ஆங்காங்கே தனியாகச் சுன்னத் என்னும் கூடுதல் தொழுகையைத் தொழுதுகொண்டிருந்தார்கள். மேற்குச் சுவரில் இருந்த மிஹ்ராப் என்னும் வளைவு மாடத்தை அருகில் சென்று பார்க்க விரும்பினேன். தோழன் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். நடுவில் நின்று தொழுத ஒரு பெரியவருக்கு முன்னால் ஏறத்தாழ இரண்டு முழ அகலத்துக்கு இடம் காலியாக இருந்ததால், அதன் வழியே நடக்க முற்பட்டேன். அவர் பார்வையை உயர்த்தவில்லை. வலக்கையை மட்டும் முன்னால் நீட்டினார். நான் நின்றேன். கை மீண்டும் நெஞ்சருகே சென்றது. முகம் சூடேறியது. நான் இங்கே வந்திருக்கக் கூடாது, இவர் என்னை வெளியாள் என்று கண்டுகொண்டு தடுக்கிறார் என்றுதான் அந்தக் கணத்தில் முழுமையாக நம்பினேன். பின்வாங்கித் தூண் ஓரமாகச் சென்று நின்றவன், கிளம்பிவிடலாமா என்றும் யோசித்தேன்.

சில நிமிடங்கள் கழித்துத் தோழன் என்னிடம் வர முயன்றான். எங்கள் இருவருக்கும் இடையே வேறொருவர் தொழுதுகொண்டிருந்தார். தோழன் அவருக்குப் பின்னாலேயே நின்றுவிட்டான். அவர் குனிந்தார், நிமிர்ந்தார், நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தார், மீண்டும் எழுந்தார், தோழன் அசையவில்லை. சிறு வயதிலிருந்து இதே பள்ளிவாசலுக்கு வருகிறவன் அவன். அவர் இரு புறமும் திரும்பி ஸலாம் கொடுத்து முடித்த பிறகே கடந்து வந்தான். அப்போதுதான் அந்தக் கை என் மதத்தைப் பார்த்து நீளவில்லை என்பது எனக்கு விளங்கியது. தொழுகிறவருக்கு முன்னால் யார் நடந்தாலும் தடுக்கலாம். அவருடைய மகனே நடந்திருந்தாலும் அந்தக் கை நீண்டிருக்கும்.

தொழுகை முடிந்ததும் பெரியவர் என்னைத் தேடி வந்தார். "தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, தொழுகையில பேச முடியாது, அதனாலதான் கைய நீட்டினேன்" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். "தெரியாம வந்தா குத்தமில்ல பாருங்க" என்று சொல்லி உட்கார வைத்து ஒரு நபிமொழியைச் சொன்னார். தொழுகிறவருக்கு முன்னால் கடப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை ஒருவர் அறிந்திருந்தால், கடப்பதைவிட நாற்பது காலம் காத்து நிற்பதே தனக்கு நல்லது என்று கருதுவார் என்பது அதன் கருத்து. நாற்பது நாளா, மாதமா, ஆண்டா என்பது அறிவிப்பாளருக்கு உறுதியாக நினைவில்லை என்பதையும் அந்த நபிமொழியே பதிவு செய்திருக்கிறது என்றார். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதி வைத்த அந்த நேர்மை, வரலாறு படிக்கும் மாணவனான என்னை மிகவும் கவர்ந்தது. வெளியில் தனியாகத் தொழுகிறவர்கள் தங்கள் முன்னால் ஒரு கம்பையோ பையையோ வைத்து எல்லை குறித்துக்கொள்வார்கள் என்றும் அவர் விளக்கினார்.

காலி இடம் என்று நான் கருதிய இரண்டு முழம் அவருக்குக் காலி இடமாக இல்லை. நெற்றி தரையைத் தொடவிருக்கும் இடம் அது. மிஹ்ராபும் அப்படித்தான்: கோயிலில் வளர்ந்த என் கண், வளைவான அந்த மாடத்துக்குள் ஏதாவது இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை, மக்காவின் திசையைக் காட்டுவது ஒன்றே அதன் வேலை. சென்னையிலிருந்து அந்தத் திசை நேர் மேற்காக இல்லாமல் சற்று வடக்கே சாய்ந்திருக்கும்.

வினா 4: நீங்கள் ஏற்கனவே அறிந்த ஒன்றோடு இங்கே கண்ட ஏதேனும் தொடர்புபட்டதா?

பள்ளிவாசலின் உள்ளே கல்லில் பாரசீக எழுத்துகள் உள்ளன. கட்டிய ஆண்டைக் குறிக்க அமைத்த தொடர் 'திக்ருல்லாஹி அக்பர்', அதாவது இறைவனை நினைவுகூர்வதே மிகப் பெரியது. அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. அம்மதிப்புகளைக் கூட்டினால் இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி 1209 கிடைக்கும். தோழனும் நானும் திண்ணையில் அமர்ந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பார்த்தோம்: 'திக்ர்' 920, 'அல்லாஹ்' 66, 'அக்பர்' 223. விடை சரியாக வந்தபோது எனக்குக் க, உ, ங என்று எண்களை எழுத்துகளாலேயே எழுதிய நம் பழைய தமிழ்க் கணக்கு நினைவுக்கு வந்தது. அந்தத் தொடரை அமைத்தவர் நவாபின் செயலாளராக இருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்து. அதைக் கேட்டதும் மதநல்லிணக்கம் என்று ஒரு பத்தி எழுதத் தோன்றியது, எழுதவில்லை. அவர் பாரசீகத்தை நன்கு கற்று, பொருள் பொருந்தவும் எண் பிசகாமலும் அந்தச் சொற்களைத் தேடி எடுத்த உழைப்பைத்தான் நான் வியக்கிறேன். இன்றும் ரமளானில் மயிலாப்பூர் சூஃபிதார் அமைப்பின் சிந்தி அன்பர்கள் இங்கே வந்து நோன்பு திறக்க உணவு பரிமாறுகிறார்கள். வரும் ரமளானுக்கு மூன்று வாரங்களே உள்ளன.

சொற்களையும் கவனித்தேன். தொழுகை, நோன்பு, பள்ளி. சமணர்களும் பௌத்தர்களும் தங்கிய இடத்தையும், எழுத்துக் கற்பிக்கும் இடத்தையும் குறித்த அதே 'பள்ளி'தான் இதுவும்.

வினா 5: விடை கிடைக்காத கேள்வி ஏதேனும் உண்டா?

உண்டு. நான் புறப்படும் முன் வகுப்புத் தோழி ஒருத்தி, தானும் இதே போலச் சென்று தொழுகைக் கூடத்தின் பின்னால் அமர முடியுமா என்று கேட்டிருந்தாள். பெண்களுக்கான இட ஏற்பாடு பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் மாறுபடும் என்றும், தன் தாயார் வீட்டிலேயே தொழுகிறார் என்றும் தோழன் சொன்னான். அவன் தாயாரிடம் அது பற்றி அவரே என்ன நினைக்கிறார் என்று கேட்காமல் இதற்கு மேல் எழுதுவது முறையாகாது. அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள்.

வினா 6: இந்த வருகைக்குப் பிறகு உங்கள் அன்றாடத்தில் மாறியது ஏதேனும் இருந்தால் எழுதுக. இல்லையெனில் இல்லை என்று எழுதுக.

ஒரு நாளில் பெரிதாக எதுவும் மாறிவிடாது. ஆனால் இன்று அதிகாலை ஃபஜ்ர் பாங்கு கேட்டபோது விழித்துக்கொண்டேன். மற்ற நான்கு வேளைகளில் இல்லாத ஒரு வாக்கியம் அதிகாலைப் பாங்கில் மட்டும் இருமுறை வரும் என்று பெரியவர் நேற்றுச் சொல்லியிருந்தார்: 'உறக்கத்தைவிடத் தொழுகை மேலானது.' இருட்டில் படுத்தபடியே காத்திருந்தேன். 'வெற்றிக்கு வாருங்கள்' முடிந்த பிறகு அந்த வரி வந்தது. மீண்டும் ஒருமுறை வந்தது. இரண்டு ஆண்டுகளாக நான் உறங்கிக்கொண்டே கேட்ட வரி அது.