துணிக்கொடிக்குக் குறள் சொன்னவள்

யாராவது வந்தால் என் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொள்கிற எங்கள் மூன்றாம் வகுப்புக்காரி, குறள் ஒப்புவித்தல் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறாள். ‘இனியவை கூறல்’, 10 குறளும்!

மூன்று வாரமாக மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்குத்தான் முதலில் சொன்னாள். அப்புறம் பாட்டிக்கு, முதுகைக் காட்டிக்கொண்டு. கடைசி வாரம்தான் திரும்பி நின்றாள். ஏழாவது குறளில் தினமும் சிக்குவாள். தினமும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ‘போதும்டி’ என்றது நான்தான், அவள் இல்லை.

மேடையிலும் அதே இடத்தில் நின்றுபோனது. கண்ணை மூடினாள், மூச்சை இழுத்து விட்டாள், தொடர்ந்தாள்.

தங்கமே, டம்ளர் பரிசுக்குப் பள்ளியில் கைதட்டிவிட்டார்கள். அந்த மூன்று வாரத்துக்கு அம்மாவின் கைதட்டல் இது.

(படத்தில் முகம் எங்கே என்று கேட்காதீர்கள். சான்றிதழுக்குப் பின்னால்தான் இருக்கிறாள்.)