கோயிலை அரசு நடத்தினால் அது மதச்சார்பற்ற அரசா?

தம்பி, போன வாரம் வகுப்பு முடிந்து கிளம்பும்போது நீ கேட்ட கேள்விக்கு நின்றபடியே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அறநிலையத் துறையை வைத்துக்கொண்டு நம் அரசு தன்னை எப்படி மதச்சார்பற்றது என்று சொல்லிக்கொள்கிறது, மேடம்?" என்றாய். தேர்வுக்கு மட்டுமில்லை, நீ யோசிக்கவும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

மதச்சார்பின்மை என்றதும் பலருக்கும் பிரான்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே 1905ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தது. எந்த மதத்தையும் அரசு அங்கீகரிக்காது, எந்த மதகுருவுக்கும் சம்பளம் தராது என்பது அதன் சாரம். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் நாம் தேறமாட்டோம். அரசியலமைப்பின் 290அ பிரிவைப் பார். 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மோடு சேர்ந்த பகுதிகளின் கோயில்களைப் பராமரிக்க, தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. நான் பிறந்த கன்னியாகுமரி மாவட்டம் அப்படிச் சேர்ந்ததுதான். மன்னர் காலத்துக் கடமை புதிய அரசின் தோளுக்கு மாறியது.

இங்கே கோயில் என்பது சாமி கும்பிடும் இடம் மட்டும் இல்லை. நிலம், குத்தகை, நெல், நகை, நூற்றுக்கணக்கான பேருக்கு வேலை எல்லாம் அதைச் சுற்றித்தான். அதனால்தான் 1817லேயே கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் அறக்கட்டளைகளை மேற்பார்வை செய்ய விதி போட்டது. பிறகு 1863இல் ஆங்கில அரசு அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி கொண்டுவந்த அறநிலையச் சட்டம் மேற்பார்வைக்கு ஒரு வாரியத்தை அமைத்தது. அறநிலையத் துறையின் வேர், அரசியலமைப்பைவிட மூத்தது.

கணக்கு வழக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கோயில் கதவு. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் சிலரை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார். தலைமுறை தலைமுறையாக அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். அது நிலைக்கச் சட்டத்தின் துணை வேண்டியிருந்தது. "மதம் எங்கள் விஷயம், நீ தலையிடாதே" என்று அன்று அரசை ஒதுக்கியிருந்தால், வெளியே நின்றவர்கள் வெளியேதான் நின்றிருப்பார்கள். அதனால்தான் 25ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தைக் கொடுத்த கையோடு, பொதுவான இந்துக் கோயில்களை எல்லா வகுப்பினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்றும் அதிகாரத்தையும் அரசுக்குக் கொடுத்தது. நம் நாட்டில் அரசு மதத்துக்குள் நுழைந்ததற்கு ஆக நியாயமான காரணம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதற்காக, நுழைந்த அரசு அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடலாம் என்று ஆகாது. 1954இல் ஷிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கோடு கிழித்தது. சொத்து நிர்வாகத்தை அரசு முறைப்படுத்தலாம். ஆனால் மதத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். மடத்துக்குள் அதிகாரிகள் கட்டுப்பாடில்லாமல் நுழையலாம் என்ற பிரிவு அன்று அடிபட்டது. ஆனால் இந்த "இன்றியமையாதது" என்ற சொல்லே பின்னாளில் நீதிபதிகளைச் சாத்திரம் ஆராயும் இடத்தில் உட்கார வைத்துவிட்டது. அது எனக்கு உறுத்தல்தான்.

இந்துக் கோயில்களை மட்டும் ஏன் என்றும் கேட்டாய். வக்பு வாரியம், பஞ்சாபின் குருத்வாரா குழு இரண்டுமே சட்டத்தால் ஆனவைதான். ஆனால் செயல் அலுவலரை நியமித்து அன்றாடம் நடத்தும் அளவுக்கு அவற்றில் அரசின் கை நீளவில்லை. அந்த மனக்குறையை வெறும் அரசியல் என்று தள்ளிவிட மாட்டேன். 2014 ஜனவரியில் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதை ஒட்டியதுதான்: நிர்வாகச் சீர்கேட்டுக்காக அரசு கோயிலை எடுக்கலாம், சீர்கேடு சரியானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நிர்வாகத்தை எடுத்தால் காலவரையறையோடு எடு, எல்லோருக்கும் வழிவிடும் சட்டத்தை நிரந்தரமாக வை என்பதே என் நிலை. முதலாவதை எதிர்க்கிறவர்களில் சிலர் இரண்டாவதையும் சேர்த்துத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அங்கேதான் நீ கவனமாக இருக்க வேண்டும்.

தேர்வுக்கு ஒன்று. "மதச்சார்பற்ற" என்ற சொல் முகப்புரையில் சேர்ந்தது 1976இல், 42ஆவது திருத்தத்தால். அதை வைத்து, அதற்கு முன் இந்தியா அப்படி இல்லை என்று எழுதிவிடாதே. 25 முதல் 28 வரையான பிரிவுகள் தொடக்கத்திலிருந்தே உண்டு. மதச்சார்பின்மை, திருத்தம் கொண்டுவந்தும் சிதைக்க முடியாத அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பில் ஒரு பகுதி என்று 1994இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது.

அர்ச்சகர் நியமனத்தை இதில் நான் தொடவில்லை. 1972 சேஷம்மாள் தீர்ப்பைப் படித்துவிட்டு வா. பரம்பரை உரிமை போனது, ஆகமம் நின்றது. இரண்டும் ஒரே தீர்ப்பில் எப்படி என்று வியாழக்கிழமை வகுப்பில் நீயே எல்லோருக்கும் சொல்.