மூன்று மாதச் செலவு: சனிக்கிழமை 375 ரூபாயில் ஓர் அவசர நிதி

(திரையில்: மேசை மேல் ஒரு பழைய கணக்கு நோட்டு. பேசுகிறவர் அதைக் கையில் எடுக்கிறார்.)

வணக்கம். நான் திருப்பூரிலிருந்து பேசுகிறேன். ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்காரர் டெய்லர். இரண்டு பேருக்கும் சனிக்கிழமை சம்பளம். என் கையில் இருப்பது எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டு. இதில் உள்ள எண்களை வைத்தே இன்றைக்குப் பேசப் போகிறேன்.

2021 ஏப்ரலில் எனக்குக் குடல்வால் ஆபரேஷன். ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கட்டச் சொன்னார்கள். கையில் 2,000 ரூபாய்தான் இருந்தது. அக்கம்பக்கத்தில் வாங்கி அன்றைக்குக் கட்டினோம். மறுநாள் காலை என் செயினை அடகுக் கடையில் வைத்து 30,000 வாங்கி அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தோம். வட்டி நூற்றுக்கு 2 ரூபாய், அதாவது மாதம் 600. செயினை மீட்க 20 மாதம் ஆனது.

(திரையில்: 600 × 20 = 12,000)

வட்டி மட்டும் 12,000. மீட்ட அன்று நோட்டில் கூட்டிப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. அதோடு ஒன்று புரிந்தது. வட்டி என்று வந்தபோது மாதம் தவறாமல் 600 ரூபாய் எடுத்து வைக்க எங்களால் முடிந்திருக்கிறது. நமக்கென்று மட்டும் ஏன் ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்கவில்லை?

எவ்வளவு சேர்த்தால் போதும் என்று தெரியாததுதான் காரணம் என்று நினைக்கிறேன். "கொஞ்சம் சேர்த்து வை" என்று எல்லோரும் சொல்வார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அளவு தெரியாமல் சேர்க்கிற பணம், அடுத்த காதுகுத்துக்கு மொய் வைப்பதோடு போய்விடும்.

அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்.

(திரையில் பெரிய எழுத்தில்: மாத அவசியச் செலவு × 3)

சம்பளம் மூன்று மடங்கு இல்லை. வேலையே இல்லாவிட்டாலும் நிறுத்த முடியாத செலவு எதுவோ, அது மூன்று மடங்கு. எங்கள் நோட்டைப் படிக்கிறேன். வாடகை 5,500. அரிசி, மளிகை, காய்கறி 5,200. பால் 1,100. கேஸ் 900. கரண்ட், தண்ணீர் 500. பெட்ரோல் 1,200. பையன் பள்ளிச் செலவு 1,400. போன் 400. மாமியாருக்கு மாத்திரை 800. மொத்தம் 17,000.

துணிமணி, ஞாயிற்றுக்கிழமை கறி, விசேஷம் எதையும் இதில் சேர்க்கவில்லை. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கஷ்ட காலத்தில் மூன்று மாதம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான்.

(திரையில்: 17,000 × 3 = 51,000)

ஆறு மாதச் செலவு வேண்டும் என்று சொல்கிறவர்களும் உண்டு. எங்களுக்கு அது 1,02,000 ரூபாய். அந்த எண்ணை அன்றைக்கே எழுதியிருந்தால் மலைத்துப்போய் நோட்டை மூடியிருப்போம். 51,000 என்பது கண்ணுக்கு எட்டுகிற தூரம்.

சரி, எப்படிச் சேர்த்தோம்? மாதம் 1,500 என்று முடிவு செய்தோம். வாரச் சம்பளம் என்பதால் அதை நான்காகப் பிரித்து, சனிக்கிழமைக்கு 375. சம்பளம் வாங்கி மளிகைக் கடைக்குப் போகும் முன்பே இதை எடுத்து வைத்துவிட வேண்டும். ஞாயிறு ராத்திரி மிச்சம் இருந்தால் வைக்கலாம் என்றால், மிச்சம் இருக்கவே இருக்காது. மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளம் ஏறிய மறுநாளே பணம் தானாக வேறு கணக்குக்குப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

இன்னொரு விஷயம். வருடத்தில் நான்கு மாதத்துக்கு ஐந்து சனிக்கிழமை வரும். அந்த ஐந்தாவது சனிக்கிழமையும் 375 போட்டோம். வருடத்துக்கு 52 வாரம், அதாவது 19,500. தீபாவளி போனஸில் இரண்டு பேரும் ஆளுக்கு 3,000 தனியாக வைத்தோம்.

(திரையில்: 19,500 + 6,000 = 25,500. இரண்டு வருடத்தில் 51,000)

2023 ஜனவரியில் ஆரம்பித்தோம். கணக்குப்படி 2024 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டும். நடுவில் சில வாரம் போட முடியவில்லை, 2025 பிப்ரவரியில் முடிந்தது. தவறிய வாரங்களுக்காக நான் வருத்தப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடி போட்டோம்.

பணத்தை எங்கே வைப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நாங்கள் தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். 500 ரூபாய் இருந்தால் போதும், வருடத்துக்கு 4 சதவீத வட்டி. வட்டி குறைவுதான், ஆனால் கேட்டவுடன் எடுக்கலாம். அங்கேயே ஆர்.டி.யும் இருக்கிறது, அதில் வட்டி அதிகம். ஆனால் அது 5 வருடத் திட்டம், 3 வருடம் முடியாமல் கணக்கை முடிக்க முடியாது. இந்தப் பணத்துக்கு அது சரிப்படாது. சீட்டும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் கேட்கிற அன்று சீட்டு நமக்கு விழும் என்று சொல்ல முடியுமா? நகையாக வாங்கி வைத்தால், மறுபடி அடகுக் கடை வாசலில்தான் போய் நிற்போம்.

கணக்கை இருவர் பெயரிலும், யார் போனாலும் எடுக்கலாம் என்கிற விதமாகத் தொடங்குங்கள். இதைத் தயவு செய்து மறந்துவிடாதீர்கள். நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது என் கையெழுத்து இல்லாமல் பணம் வராது என்றால், அந்தப் பணம் இருந்து என்ன பயன்? ஏ.டி.எம். கார்டு பர்ஸில் வேண்டாம், பீரோவில் இருக்கட்டும். அந்தக் கணக்கைப் போனில் இருக்கிற எந்தப் பணம் அனுப்பும் ஆப்பிலும் இணைக்காதீர்கள்.

எதற்கு எடுக்கலாம் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டோம். ஒன்று, உடம்புக்கு முடியாமல் போனால். இரண்டு, வேலை நின்றால் அல்லது ஷிப்ட் குறைந்தால். மூன்று, பிழைப்புக்கு வேண்டிய வண்டியோ மெஷினோ ரிப்பேர் ஆனால். தீபாவளியும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் முன்கூட்டியே தெரிந்த செலவு, அதற்கு இதைத் தொடக்கூடாது. போன வருடம் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு இதிலிருந்து எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. முதல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். வேறு வழி பார்த்துக்கொண்டோம்.

ஏற்கெனவே வட்டிக்குக் கடன் இருக்கிறவர்கள் முதலில் 5,000 மட்டும் சேர்த்து வையுங்கள். அப்புறம் முழு மூச்சாகக் கடனை முடியுங்கள். 4 சதவீத வட்டிக்குச் சேர்த்துக்கொண்டே 24 சதவீத வட்டி கட்டுவது நஷ்டம். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு காய்ச்சலுக்குக்கூடப் புதுக் கடன் வாங்க வேண்டி வரும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது திருப்பூரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடத்தில் செப்டம்பரிலும் அக்டோபரிலும் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஷிப்ட். செப்டம்பரில் 7,000, அக்டோபரில் 8,000 எடுத்தோம். வாடகையை ஐந்தாம் தேதியே கொடுத்தோம், மாத்திரை நிற்கவில்லை. செயின் இதோ, என் கழுத்தில்தான் இருக்கிறது.

(திரையில்: 51,000 − 15,000 = 36,000)

எடுத்த 15,000-ஐத் திரும்ப நிரப்ப வேண்டும் இல்லையா? நவம்பர் முதல் சனிக்கிழமையே 375 மறுபடி ஆரம்பித்துவிட்டோம். பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்யும்போது செலவுப் பட்டியலையும் புதிதாக எழுதினோம். வாடகை 6,000 ஆகிவிட்டது, மற்றதில் மாற்றமில்லை. இப்போது இலக்கு 52,500.

நீங்களும் ஒரு பேப்பரை எடுத்து, வாடகையில் ஆரம்பித்து எழுதிப் பாருங்கள். மூன்றால் பெருக்கி வந்த எண்ணைக் கீழே கமென்டில் போடுங்கள். மாதம் எவ்வளவு போட்டால் எப்போது முடியும் என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.