ஃப்ரண்ட் ஆபீஸ் பணிக்கான விண்ணப்பம்: தொழிற்பயிற்சி பெற்ற துறைகளும் விருந்தினர் சேவை அனுபவமும்

பெறுநர்:
மனிதவளத் துறை மேலாளர் அவர்கள்,
ஜிஆர்டி ஹோட்டல்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் பெயர் மு. கார்த்திகா. சென்னை தரமணியில் உள்ள ஐ.எச்.எம். நிறுவனத்தில் விருந்தோம்பல் மற்றும் ஹோட்டல் நிர்வாகத்தில் மூன்றாண்டு பி.எஸ்சி. பட்டப்படிப்பை 2025ஆம் ஆண்டில் நிறைவு செய்துள்ளேன். தங்கள் குழுமத்தின் மதுரை அல்லது காஞ்சிபுரம் ஹோட்டலில் ஃப்ரண்ட் ஆபீஸ் அசோசியேட்டாகப் பணியாற்ற விரும்பி இம்மடலை எழுதுகிறேன். குறிப்பிட்ட விளம்பரம் எதையும் பார்த்து நான் விண்ணப்பிக்கவில்லை என்பதால், இப்போது காலியிடம் இல்லாவிட்டாலும் அடுத்து ஆள் எடுக்கும்போது என் விண்ணப்பத்தைப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல்கள், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், பயிற்சிக் குறிப்பேட்டின் நகல் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அவற்றில் உள்ளதைத் திரும்பச் சொல்லாமல், எந்தெந்தத் துறைகளில் என்ன கற்றேன், விருந்தினர்களுக்கு அது எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டின் தொழிற்பயிற்சியை 2024 ஜனவரி முதல் மே வரை மதுரையில் உள்ள ஒரு நட்சத்திர ஹோட்டலில் மேற்கொண்டேன். விருந்தினர்களைப் பற்றிய செய்திகள் கீழே வருவதால் அந்த ஹோட்டலின் பெயரை மடலில் எழுதுவது முறையாகாது என்று கருதுகிறேன். சான்றிதழில் அது உள்ளது. ஹவுஸ்கீப்பிங், கிச்சன், உணவு பரிமாறும் பிரிவு, ஃப்ரண்ட் ஆபீஸ் ஆகிய நான்கு துறைகளிலும் சுழற்சி முறையில் பணியாற்றினேன். அந்த வரிசை எனக்கு நல்லதாக அமைந்தது. அறை எப்படித் தயாராகிறது, உணவு எப்படித் தயாராகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ரிசப்ஷனில் நின்று விருந்தினரிடம் வாக்குறுதி கொடுக்கும் இடத்துக்கு வந்தேன்.

ஹவுஸ்கீப்பிங்கில் அறைகளைச் சுத்தம் செய்தல், படுக்கை விரித்தல், மாலை நேர டர்ன்டவுன் சேவை, லினன் கணக்கு, விருந்தினர் விட்டுச் சென்ற பொருட்களைப் பதிவு செய்தல் ஆகிய வேலைகளைச் செய்தேன். சூப்பர்வைசர் சரிபார்த்து ஒப்புதல் தரும் வரை எந்த அறையும் விருந்தினருக்குத் தரத் தக்கதாகாது என்ற ஒழுங்கை இங்கேதான் கற்றேன். விருந்தினர் வாய்விட்டுக் கேட்காத தேவைகளை அவருடைய அறையே காட்டிக்கொடுக்கும் என்பதையும் இத்துறையே எனக்குப் புரியவைத்தது.

ஒரு நாள் காலை, வயதான தம்பதியர் தங்கியிருந்த அறையைச் சுத்தம் செய்யச் சென்றபோது, மேசையருகே இருக்க வேண்டிய நாற்காலி குளியலறையில் ஷவருக்குக் கீழே போடப்பட்டிருந்ததைக் கண்டேன். நாற்காலியை மட்டும் பழைய இடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தால் அறை விதிப்படி சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மையாரால் நின்றுகொண்டு குளிக்க முடியவில்லை என்பதையே அது சொல்கிறது என்று எனக்குத் தோன்றியதால், சூப்பர்வைசரிடம் தெரிவித்தேன். அவர் உடனே குளியலறைக்குரிய முக்காலியும் வழுக்காத விரிப்பும் வைக்கச் செய்தார். ஃப்ரண்ட் ஆபீஸுக்கும் செய்தி சென்றது. அவர்கள் தம்பதியரிடம் கேட்டுக்கொண்டு, லிஃப்டுக்கு அருகில் காலியான அறைக்கு மறுநாள் மாற்றிக் கொடுத்தார்கள். உணவகத்தில் பஃபே வரிசையில் நிற்க வைக்காமல், காலை உணவை மேசைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் கேட்கவில்லை. நான் செய்தது, பார்த்ததைச் சொன்னது மட்டுமே. ஆனால் ஒரு துறை அறிந்த செய்தி மற்றத் துறைகளுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் சேவை முழுமையாகிறது என்ற என் எண்ணம் அந்த நிகழ்ச்சியில்தான் உருவானது. ஃப்ரண்ட் ஆபீஸில் பணியாற்ற விரும்புவதற்கும் அதுவே காரணம். எல்லாத் துறைகளின் செய்தியும் வந்து சேரும் இடமும் புறப்படும் இடமும் அதுதான்.

கிச்சனில் காய்கறி நறுக்கும் வேலையில் தொடங்கி, தென்னிந்திய உணவுப் பிரிவிலும் பேக்கரியிலும் உதவியாளராக இருந்தேன். சூடான உணவை 60 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்கு மேற்படாமலும் வைத்திருப்பது, முதலில் வந்த சரக்கை முதலில் பயன்படுத்துவது போன்றவை அன்றாடப் பழக்கங்களாயின. சமையற்கலையில் நான் தேர்ந்தவள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன சேர்கிறது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு அங்கே வந்தது, அடுத்த துறையில் அது கைகொடுத்தது.

உணவு பரிமாறும் பிரிவில் காலை பஃபே, மதிய உணவு, பேங்க்வெட் நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் பணியாற்றினேன். ராஜஸ்தானிலிருந்து வந்திருந்த சமணக் குடும்பம் ஒன்று காலை உணவின்போது, வெங்காயமும் பூண்டும் இல்லாதவை எவை என்று என்னிடம் கேட்டது. வெண்பொங்கலைத்தான் யாரும் முதலில் காட்டுவார்கள். வெங்காயம், பூண்டு இரண்டும் அதில் இல்லை. ஆனால் அதில் பச்சை இஞ்சி சேர்வதைக் கிச்சனில் பார்த்திருந்தேன். மண்ணுக்கடியில் விளைவதைச் சமணர் பலர் உண்பதில்லை என்பதும் தெரியும். எனவே நானாக முடிவு செய்யாமல், இஞ்சி, உருளைக்கிழங்கு, முதல் நாள் அரைத்துப் புளிக்கவைத்த மாவு ஆகியவற்றை உண்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். புளித்த மாவை அக்குடும்பத்தின் பெரியவர் மட்டும் தவிர்ப்பதாகச் சொன்னார்கள். செஃபிடம் சென்று விவரத்தைக் கூறியதும், இஞ்சி சேர்க்காத பொங்கலைத் தனிப் பாத்திரத்தில் செய்யவும், தேங்காய்ச் சட்னியைத் தனியாக அரைக்கவும் அவர் ஏற்பாடு செய்தார். அவர்கள் தங்கியிருந்த மற்ற நாட்களுக்கும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று ஷிஃப்ட் முடிவில் குறிப்பேட்டில் எழுதி, அடுத்த ஷிஃப்டின் பிரீஃபிங்கிலும் கேப்டன் வழியாகச் சொல்ல வைத்தேன். உணவு தொடர்பான ஒரே கேள்வியை விருந்தினர் தினமும் புதிய ஊழியரிடம் கேட்க நேர்ந்தால், நாம் முதல் நாள் காட்டிய அக்கறைக்கு மதிப்பில்லாமல் போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ரண்ட் ஆபீஸில் செக்-இன், செக்-அவுட், அடையாள ஆவணச் சரிபார்ப்பு, வெளிநாட்டு விருந்தினருக்கான சி படிவத்தை அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தல், தொலைபேசி அழைப்புகள், இரவு ஷிஃப்டில் நைட் ஆடிட்டருக்கு உதவுதல் ஆகியவற்றைக் கற்றேன். மதுரைக்கு வருவோரில் பெரும்பாலோர் மீனாட்சி அம்மன் கோயிலுக்குச் செல்பவர்கள். அங்கே 2018இல் நடந்த தீ விபத்துக்குப் பிறகு செல்பேசி கொண்டுபோகத் தடை உள்ளது. உச்சிவேளைக்குப் பின் நடை சாத்தப்பட்டு மாலையில்தான் திறக்கப்படும். இவை தெரியாமல் வெயிலில் போய்த் திரும்பிய வெளியூர் விருந்தினர்களைப் பார்த்த பின், செக்-இன் செய்யும்போதே செல்பேசி, உடை, நடை திறக்கும் நேரம் ஆகியவற்றைச் சொல்லிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். செல்பேசியை அறையிலுள்ள லாக்கரில் வைத்துவிட்டுச் செல்பவர்களுக்கு, ஹோட்டலின் முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து அனுப்புவேன்; திரும்பிவர ஆட்டோ பிடிக்கும்போது அது உதவும்.

என் பயிற்சிக் காலத்தின் கடினமான நாட்கள் 2024 ஏப்ரலில் சித்திரைத் திருவிழாவின்போது வந்தன. அழகர் வைகையாற்றில் இறங்குவதையொட்டி எல்லா அறைகளும் நிரம்பியிருந்த நிலையில், இரவு ரயிலில் வந்த ஒரு குடும்பம் விடியற்காலையில் கைக்குழந்தையுடன் ரிசப்ஷனுக்கு வந்தது. அவர்களுக்கு ஒதுக்கிய அறையில் முந்தைய விருந்தினர் இன்னும் இருந்தார். செக்-இன் நேரமோ நண்பகலுக்குத்தான். குழந்தையின் தந்தை கோபமாகப் பேசினார். “கொஞ்ச நேரம் காத்திருங்கள்” என்ற சொல் அவருடைய கோபத்தைக் கூட்டும் என்பதை உணர்ந்து, அறை காலியாகும் நேரத்தை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டேன். பிறகு டியூட்டி மேனேஜரின் அனுமதியுடன், நீச்சல் குளத்தை ஒட்டிய உடை மாற்றும் அறையைக் குளித்துத் தயாராவதற்குத் திறந்துவிட்டு, குழந்தைக்கு வெந்நீரும் பாலும் வரவழைத்தேன். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசரிடம் பேசி அந்த அறையை முதலாவதாகச் சுத்தம் செய்யக் கேட்டுக்கொண்டேன். ஓர் அறையைச் சுத்தம் செய்ய உண்மையில் எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால், நடக்கக்கூடிய நேரத்தையே விருந்தினரிடம் சொல்ல முடிந்தது. சொன்ன நேரத்தில் சாவியைக் கொடுத்தோம். செக்-அவுட் செய்யும்போது அவரே அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கான முன்பதிவு குறித்து விசாரித்தார்.

தங்கள் குழுமத்தின் மதுரை, காஞ்சிபுரம் ஹோட்டல்களை நான் குறிப்பிட்டுக் கேட்பது இந்த அனுபவத்தால்தான். கோயில் நகரங்களுக்கு வரும் விருந்தினர் விடிகாலையில் புறப்படுகிறார். பெரும்பாலும் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்து வருகிறார். விரதம், உணவு, தரிசன நேரம் என்று அவருக்குத் தனித்த தேவைகள் உள்ளன. காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை எடுக்கத் திருமணக் குடும்பங்களும் சேர்ந்து வருகின்றன. இத்தகைய விருந்தினர்களைக் கவனித்துக்கொள்வதில் எனக்கு உண்மையான ஈடுபாடு உண்டு. இதையே என் தொழிலாகத் தேர்ந்துகொண்டிருக்கிறேன்.

தமிழும் ஆங்கிலமும் சரளமாகப் பேசவும் எழுதவும் வரும். இந்தியில் விருந்தினருடன் உரையாட முடியும். ஓப்பரா மென்பொருளில் முன்பதிவு, செக்-இன், விருந்தினர் குறிப்புகளைப் பதிவது ஆகிய அளவில் பயிற்சி உண்டு. கட்டண நிர்ணயமும் குழு முன்பதிவும் பணியில் சேர்ந்து கற்க வேண்டியவை. இரவு ஷிஃப்ட் உட்பட எந்த ஷிஃப்டிலும் பணியாற்றவும், விழா நாட்களில் விடுப்பின்றிப் பணிக்கு வரவும் ஆயத்தமாக இருக்கிறேன். தொடக்கத்தில் பிற துறையில் சில மாதங்கள் பணியாற்ற வேண்டும் என்று தாங்கள் கருதினால் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்வதற்கும் மகிழ்ச்சியுடன் இசைகிறேன்.

என் பயிற்சியைப் பற்றி விசாரிக்க விரும்பினால், சான்றிதழில் கையொப்பமிட்டுள்ள பயிற்சி மேலாளரைத் தொடர்புகொள்ளலாம்; அதற்கு அவர் ஒப்புதல் அளித்துள்ளார். நேர்காணலுக்குச் சென்னை, மதுரை, காஞ்சிபுரம் ஆகிய எந்த ஊருக்கும் வர இயலும். இரண்டு நாட்களுக்கு முன்பு தெரிவித்தால் போதும். இந்த மின்னஞ்சலுக்கோ தன்விவரக் குறிப்பில் உள்ள செல்பேசி எண்ணுக்கோ தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. கார்த்திகா
மானாமதுரை

இணைப்பு: தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல்கள், தொழிற்பயிற்சிச் சான்றிதழ், பயிற்சிக் குறிப்பேட்டின் நகல்