குழு விளக்கவுரைக்கான சக மாணவர் மதிப்பீட்டுப் பட்டியல்

எட்டாம் வகுப்பு, அறிவியல். தலைப்பு: விதைகள் பரவும் முறைகள். ஐந்து குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 8 நிமிடம்.

தொடங்கும் முன்

உங்கள் சொந்தக் குழுவுக்கு நீங்கள் மதிப்பெண் இட வேண்டாம். நெருங்கிய நண்பர் பேசும்போது கை தாராளமாவதும், பிணக்கு உள்ளவர் பேசும்போது கை இறுகுவதும் எல்லோருக்கும் நேர்வதுதான். அதனால் பேசுபவர் யார் என்பதை விட்டுவிட்டு, கண்டதையும் கேட்டதையும் மட்டும் குறிப்பெடுங்கள். ஒரு குழு முடித்தவுடனேயே 2 நிமிடத்தில் தாளை நிரப்பிவிடுங்கள். ஐந்தும் முடியும்வரை காத்திருந்தால் முதல் குழு மறந்துபோகும்.

மதிப்பெண்

தெளிவாக நிறைவேறியிருந்தால் 3, ஓரளவு என்றால் 2, இன்னும் முயற்சி தேவை என்றால் 1 என ஒவ்வொரு கூற்றின் அருகிலும் எழுதுங்கள்.

1. காற்று, நீர், விலங்குகள், கனி வெடித்தல் ஆகிய நான்கு முறைகளும் பிழையின்றி விளக்கப்பட்டன.

2. ஒவ்வொரு முறைக்கும் ஏற்ற எடுத்துக்காட்டு தரப்பட்டதோடு, அந்த விதையின் அமைப்பு பரவலுக்கு எப்படி உதவுகிறது என்ற காரணமும் சொல்லப்பட்டது. (எருக்கு விதை பறக்கிறது என்பது தகவல், அதன் பட்டுப்போன்ற இழைகள் அதைக் காற்றில் தாங்குகின்றன என்பதே காரணம். 3 மதிப்பெண் காரணத்துக்கு உரியது.)

3. படங்களும் எழுத்துகளும் கடைசி வரிசைக்கும் தெரிந்தன.

4. வேலை பகிரப்பட்டிருந்தது. பேசிய நேரத்தை மட்டும் அளக்காதீர்கள். படம் வரைந்தவர், மாதிரி செய்தவர், கேள்விக்குப் பதில் சொன்னவர் ஆகியோரின் உழைப்பும் இதில் அடங்கும்.

5. கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் தரப்பட்டது. "எங்களுக்குத் தெரியவில்லை, தேடிப் பார்க்கிறோம்" என்பதும் நேர்மையான பதிலே.

6. நேரம் காக்கப்பட்டது.

குரல் நடுங்குவது, திக்குவது, பேச்சுவழக்கு, உடை ஆகியவற்றுக்கு இந்தத் தாளில் மதிப்பெண் கிடையாது. அவை கேட்பவருக்குப் புரிவதைத் தடுக்காதவரை நமக்குத் தொடர்பற்றவை.

எழுத்துக் கருத்து

ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள்: நன்றாக அமைந்த ஒன்று, அடுத்த முறை மாற்றக்கூடிய ஒன்று. "சூப்பர்" என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. "போர் அடித்தது" என்று எழுதினால் மனம் மட்டுமே நோகும். மாறாக, "தேங்காயின் நாரை உரித்துக் காட்டியதால் அது ஏன் மிதக்கிறது என்று புரிந்தது, கனி வெடித்தலைப் பற்றி வேகமாகச் சொன்னதால் குறிப்பெடுக்க முடியவில்லை, அங்கே சற்று நிறுத்திச் சொல்லலாம்" என்று எழுதலாம். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தயங்கும் சொல்லைத் தாளிலும் எழுதாதீர்கள்.

1 இட்ட ஒவ்வோர் இடத்திலும், அதற்கான காரணத்தை ஒரு வரியில் கட்டாயம் எழுத வேண்டும். காரணம் எழுத முடியவில்லை என்றால் மதிப்பெண்ணை மறுபடி யோசியுங்கள்.

தாளின் பின்புறம் உங்கள் பெயரை எழுதுங்கள். அதை ஆசிரியர் மட்டுமே பார்ப்பார். ஒவ்வொரு குழுவும் பெற்ற மொத்தங்களில் மிக உயர்ந்த ஒன்றையும் மிகக் குறைந்த ஒன்றையும் நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரி காணப்படும். கருத்துகள் பெயரின்றித் தொகுக்கப்பட்டு, மறுநாள் வகுப்பில் அந்தந்தக் குழுவிடம் மட்டும் தரப்படும்.