கன்னு நட வாங்க, தண்ணி ஊத்தவும் பேரு குடுங்க

தாமான் மக்களே வணக்கம். நவம்பர் 8 சனிக்கிழமை, 9 ஞாயித்துக்கிழமை, ரெண்டு நாளும் காலையில 7 மணிக்கு நம்ம திடல்ல மரம் நடுறோம். மொத்தம் 48 கன்னு. 30 திடலைச் சுத்தி, மிச்சம் 18 பாலாய் ராயாவுலேர்ந்து மெயின் ரோட்டு வரைக்கும் போற பாதையில. ரெண்டு நாளும் முடியலன்னா ஒரு நாள் வாங்க, அதுவும் முடியலன்னா ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க, பரவால்ல.

போன தடவை என்ன ஆச்சுன்னு முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பல பேரு மனசுல அதுதான் இருக்கு. 60 கன்னு நட்டோம், போட்டோ எடுத்தோம், பசியாறிட்டு வீட்டுக்குப் போனோம். அது பிப்ரவரி மாசம், நல்ல வெயில். யாரு தண்ணி ஊத்துறதுன்னு நாங்க பேசி வைக்கவே இல்ல, அவங்க ஊத்துவாங்கன்னு இவங்களும் இவங்க ஊத்துவாங்கன்னு அவங்களும் இருந்துட்டோம். இன்னைக்கு எண்ணிப் பாத்தா 11 மரம்தான் நிக்குது. அந்த 11ல 7 மரம் ஜாலான் 4ல ஒரு பாட்டி வீட்டுக்கு எதிர்ல இருக்கிறது. அவங்க தினமும் சாயந்தரம் துணி அலசின தண்ணிய வாளில தூக்கிட்டு வந்து ஊத்தினாங்க, யாரும் சொல்லாமலேயே. சங்கத்துல இருக்கிற எங்களுக்கு அது ரொம்ப வெக்கமா போச்சு.

அதனால இந்த தடவை நட வர்றவங்களை விட தண்ணி ஊத்துறவங்க பேருதான் எங்களுக்கு முக்கியம். ஒரு கன்னுக்கு ஒரு வீடு. நீங்க நட்ட கன்னா இருக்கணும்னு இல்ல, உங்க வீட்டுக்குப் பக்கத்துல எது இருக்கோ அத எடுத்துக்கங்க. மழை இல்லாத நாள்ல ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு வாளி, மெதுவா, வேர் பக்கமா. இப்ப நவம்பர், சாயந்தரமானா மழை வந்துடும், அதனால முதல் ரெண்டு மாசம் பெரும்பாலும் வானமே பாத்துக்கும். ஜனவரி பிப்ரவரியிலதான் உங்க வாளி வேணும். ஊருக்குப் போறீங்கன்னா பக்கத்து வீட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, இல்ல வாட்சாப் குரூப்ல போடுங்க, நாங்க பாத்துக்கறோம்.

நம்ம தாமான்ல பாதிப் பேரு தோட்டத்துலேர்ந்து வந்தவங்க. லயத்துக் கதவைத் திறந்தா பால்மரம்தான், பெரட்டுக்குப் போறப்பவும் நிழல்தான், பிள்ளைங்க விளையாடினதும் நிழல்லதான். இங்க கல்லு வீடு கிடைச்சுச்சு, தாரு ரோடு கிடைச்சுச்சு, நிழல் மட்டும் கிடைக்கல. மத்தியானம் ஸ்கூல் விட்டு நடந்து வர்ற பிள்ளைங்க முகம் எப்படி சிவந்து போய் இருக்குன்னு பாருங்க. சுங்கை சிப்புட்காரங்களுக்கு மரத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேணாம், பக்கத்துல கோலகங்சார்ல 1877ல நட்ட ரப்பர் மரத்துல ஒண்ணு இன்னும் நிக்குது, போய்ப் பாத்திருப்பீங்க. நம்ம தாத்தா பாட்டிங்க கப்பலேறி வந்ததே அந்த மரத்து வகையை வெட்டி பால் எடுக்கத்தான். அவங்க நட்டதெல்லாம் அடுத்தவங்களுக்கு, இந்த 48ம் நமக்கு.

என்ன மரம்னு நிறைய பேரு கேட்டீங்க. திடல் ஓரத்துக்கு மகிழம், மலாய்க்காரங்க புங்ஙா தஞ்சோங்னு சொல்றது, பூ கொட்டினா வாசம் தெருவுக்கே வரும், கூடவே புங்கையும் நாவலும். கெத்தாப்பாங் திடலோட அந்தக் கடைசியில மட்டும், ஏன்னா அதோட பெரிய இலை விழுந்தா லோங்காங் அடைச்சுக்கும். தூங்குமூஞ்சி மரம் வேணும்னு ஒரு அண்ணன் ரொம்ப ஆசையா கேட்டாரு, எனக்கும் ஆசைதான், ஆனா அது படர்ற படர்ச்சிக்கு நம்ம இடம் பத்தாது, வேர் ரோட்டையும் லோங்காங்கையும் தூக்கிடும். பாதையில மேல கரண்ட் ஒயர் போற இடத்துல செம்பருத்தியும் கறிவேப்பிலையும்தான், உயரமா வளர்ற எதையும் அங்க வைக்கல, வச்சா நாளைக்கு கரண்ட்காரங்க வந்து மரத்துத் தலையை வெட்டிட்டுப் போவாங்க. கறிவேப்பிலை எல்லாருக்கும் பொது, கிள்ளிக்கங்க, கிளையோட ஒடிக்காதீங்க. நகராண்மைக் கழகத்துக்கிட்ட அனுமதி வாங்கியாச்சு, குழி வெட்ட வேண்டிய இடத்துல சுண்ணாம்பு போட்டு வச்சிருக்கோம், அந்த வட்டத்தை விட்டு வேற எங்கயும் சாங்கோல் போடாதீங்க, கீழ தண்ணி பைப் ஓடுது.

நடுறதுல ரெண்டு மூணு விஷயம் போன தடவை தப்பு பண்ணினோம். போலிபேக்கை கிழிக்காம அப்படியே இறக்கின கன்னு ஒண்ணு ரெண்டு இல்ல. கண்டிப்பா கத்தியால கீறி எடுக்கணும், ஆனா மண்ணு உதிராம. குழி போலிபேக்கை விட ரெண்டு மடங்கு அகலம் வேணும், ஆழம் மட்டும் மண் உருண்டை உயரம்தான், தண்டு மண்ணுக்குள்ள புதைஞ்சா அழுகிடும். உரத்தைக் குழியில கொட்டாதீங்க, இளம் வேர் வெந்துடும், அதை பின்னால பாத்துக்கலாம். நர்சரியில வேலை செஞ்ச அக்காமாருங்க நாலு பேரு வர்றாங்க, ஆயிரக்கணக்குல செம்பனைக் கன்னு இறக்கின கை, அவங்க சொல்ற மாதிரி செய்ங்க.

வேரைச் சுத்தி மூடுறதுக்கு மில்லுலேர்ந்து பழம் உதிர்த்த வெறுங்குலை ஒரு லோரி வருது. அதை ஒரே அடுக்காத்தான் பரப்பணும், தண்டுல ஒட்டாம ஒரு சாண் தள்ளி. குமிச்சு வச்சா உள்ள சூடேறும், காண்டாமிருக வண்டும் முட்டை போடும், தோட்டத்துல இருந்தவங்களுக்கு அந்த வண்டு செய்யிற நாசம் தெரியும். வெட்டி எடுத்த போலிபேக் ஒண்ணு கூட திடல்ல கிடக்கக் கூடாது, மழைத்தண்ணி தேங்கினா ஏடிஸ் கொசுதான். அதைப் பொறுக்குற பொறுப்பு பிள்ளைங்களுக்கு, சாக்கு நாங்க குடுக்கறோம்.

சாங்கோல், கைவண்டி, வாளி வச்சிருக்கிறவங்க கொண்டு வாங்க, கைப்பிடியில பேரு எழுதிடுங்க, போன தடவை சாங்கோல் மாறிப் போய் ரெண்டு வீட்டுக்கு மனஸ்தாபம் ஆச்சு. மூடின செருப்பு இல்ல ஷூ போடுங்க, தொப்பி போடுங்க. முடியாத பெரியவங்க நாற்காலியில உக்காந்து வேலையைப் பாத்தாலே போதும், ஆளுங்களுக்குத் தெம்பா இருக்கும். பின் தெரு மலாய், சீன குடும்பங்களும் வர்றாங்க, 9:30க்கு பசியாறல், நாசி லெமாக் பொட்டலமும் தே ஓவும், சைவக்காரங்களுக்கு இட்லி சாம்பார் தனியா. தண்ணி போத்தல் நீங்களே கொண்டு வந்தா பிளாஸ்டிக் குறையும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள்ள தாமான் வாட்சாப் குரூப்ல பேரு, வீட்டு ஜாலான், எந்த நாள் வர்றீங்க, ஒரு கன்னு எடுத்துக்கறீங்களா, இந்த நாலும் போடுங்க, பசியாறல் கணக்குக்கும் அதுதான். இதுவரைக்கும் 19 வீடு கன்னு எடுத்திருக்கு, அதுல ஜாலான் 4 பாட்டி மட்டும் இந்த தடவை மூணு கேட்டிருக்காங்க. இன்னும் 27க்கு ஆள் வேணும். தூறல்னா வேலை நடக்கும், இடி மின்னல்னா மட்டும் பாலாய் ராயாவுல கூடி நின்னு விட்டப்புறம் ஆரம்பிப்போம்.