படித்தவர்களுக்கு 7.1, பார்த்தவர்களுக்கு 5.9: நம் டெங்கு செய்திச் சோதனையின் முடிவு

சோதனையில் கலந்துகொண்ட முதலாம் ஆண்டு இதழியல் மாணவர்கள் 40 பேருக்கும் நன்றி. முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

சீட்டுக் குலுக்கி உங்களை இரண்டாகப் பிரித்தோம். 20 பேர் டெங்கு பற்றிய செய்தியைத் தாளில் படித்தீர்கள். மற்ற 20 பேர் அதே வாசகத்தைக் காணொளியாகப் பார்த்தீர்கள். இரு குழுவுக்கும் மூன்றே நிமிடம், அப்புறம் அதே பத்துக் கேள்விகள்.

படித்தவர்களின் சராசரி 7.1 (திட்டவிலக்கம் 1.6), பார்த்தவர்களின் சராசரி 5.9 (திட்டவிலக்கம் 1.8). திட்டவிலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. இரு சராசரிகளுக்கும் இடைவெளி 1.2 மதிப்பெண். சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால், நல்ல ஞாபகசக்தி உள்ள நாலு பேர் அந்தப் பக்கம் போயிருந்தால், இந்த இடைவெளி காணாமல் போயிருக்குமோ? அதைப் பார்க்கத்தான் டி-சோதனை.

```
t.test(score ~ group)
t = 2.23, df = 37.5, p-value = 0.032
```

இந்த 0.032-க்கு என்ன பொருள்? படிப்பதற்கும் பார்ப்பதற்கும் உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் வெறும் தற்செயலால் இவ்வளவு பெரிய இடைவெளியோ இதைவிடப் பெரியதோ வர, நூற்றுக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு. ‘படிப்பதே சிறந்தது என்பது 97 சதவீதம் உறுதி’ என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். இந்த எண் அதைச் சொல்லவில்லை.

இடைவெளியின் அளவைப் பற்றியும் அடக்கமாகத்தான் பேச வேண்டும். உண்மையான வித்தியாசம் எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.1 முதல் 2.3 வரை நீள்கிறது. வித்தியாசம் இரண்டு மதிப்பெண்ணுக்கு மேலும் இருக்கலாம், கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமலும் போகலாம்.

இருபது இருபது பேரை வைத்து எதைச் சொல்ல முடியும் என்று ஒருவர் கேட்டார். சிறிய மாதிரிகளுக்காகவே பிறந்த கணக்கு இது. டப்ளின் நகரில் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் வெளியிட்டார். இரு குழுவின் சிதறலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால் அதன் வெல்ச் வடிவத்தை எடுத்தேன்.

ஆறாவது கேள்வி நினைவிருக்கிறதா? தண்ணீர்த் தொட்டியை எத்தனை நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும்? படித்தவர்களில் 17 பேர் ‘வாரம் ஒருமுறை’ என்று சரியாக எழுதினார்கள், பார்த்தவர்களில் 9 பேர்தான். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனிச் சோதனை போடலாமே என்றார்கள். போடவில்லை. வித்தியாசமே இல்லாத இடத்திலும் பத்துச் சோதனை போட்டால், ஏதோ ஒன்றாவது ‘வித்தியாசம் உண்டு’ என்று பொய் சொல்ல 40 சதவீதம் வரை வாய்ப்பு இருக்கிறது.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் விட்ட வரிக்குத் திரும்பிப் போக முடிந்தது. காணொளியை நிறுத்தவோ பின்னால் ஓட்டவோ நான் விடவில்லை. முன்வரிசையில் ஒரு மாணவி, “அந்த நாள் கணக்கை மட்டும் இன்னொரு தடவை போடுங்க அக்கா” என்று கேட்டும் மறுத்தேன். ஆகவே, நிறுத்த முடியாத காணொளியைவிடத் தாளில் படித்தவர்கள் சராசரியாக ஒரு கேள்விக்குச் சற்றே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள் என்பது வரைதான் என் முடிவு. அடுத்த சுற்றில் காணொளிக் குழுவின் கையிலேயே ரிமோட்டைக் கொடுக்கப்போகிறேன்.